ஐந்தாவது தடவைதான் நிஜம்

சாப்பிடும்போது போன் கேட்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் பெரியவர்கள் மறுப்புச் சொல்வதைக் கவனித்தால், பல வீடுகளில் அது ஒரே வரிசையில் போகும். முதலில் கொஞ்சல்: "செல்லம்ல, இப்ப போன் வேண்டாம்டா." அடுத்தது கெஞ்சல்: "அம்மா சொன்னா கேக்கணும்ல, ப்ளீஸ்டா கண்ணா." பிறகு எரிச்சல்: "எத்தனை தடவைடா சொல்றது?" அதன் பின் மிரட்டல்: "இப்ப வைக்கலைன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்." ஐந்தாவதாக ஒரு கத்தல். அத்தோடு போன் பிடுங்கப்படும். அல்லது வீறிடும் அழுகையைத் தாங்க முடியாமல் திரும்பவும் கையில் கொடுக்கப்படும்.

குழந்தையின் பக்கம் நின்று இதைப் பாருங்கள். முதல் நான்கு தடவை சொன்னபோது எதுவும் நடக்கவில்லை. ஐந்தாவது தடவைதான் ஏதோ நடந்தது. அப்படியானால் முதல் நான்கையும் காதில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை பிடிவாதம் பிடிப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது நம் வழக்கத்தைச் சரியாகக் கணித்துவைத்திருக்கிறது.

மறுப்பின் வலிமை சத்தத்தில் இல்லை. சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. முதல் தடவையே அது நடந்துவிட்டால் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது. இரண்டு முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தையிடம் இதை எப்படிச் செய்வது என்பதை, சாப்பாட்டு நேரத்துப் போனையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

கத்தினால் கேட்கிறதே?

கேட்கத்தான் செய்கிறது. அதனால்தான் அந்தப் பழக்கம் நம்மை விடுவதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் மோதிக்கொள்ளும் விதத்தை நொடிக்கு நொடி குறித்துவந்தவர் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர். அவர் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கிய சங்கிலி நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். அம்மா கத்துகிறாள், குழந்தை அந்த நொடி நிறுத்துகிறது. கத்தினால் பலன் உண்டு என்று அம்மா பழகிக்கொள்கிறாள். வேறொரு நாள் குழந்தை வீறிடுகிறது, அம்மா விட்டுக்கொடுக்கிறாள். வீறிட்டால் பலன் உண்டு என்று குழந்தை பழகிக்கொள்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பழக்குகிறார்கள். அடுத்த முறை இருவருமே இன்னும் கொஞ்சம் உரக்கத் தொடங்குகிறார்கள்.

இந்தச் சங்கிலியைக் குழந்தையால் அறுக்க முடியாது. பெரியவர்தான் அறுக்க வேண்டும். அதற்கு இரண்டு முனையையும் விட வேண்டியிருக்கிறது: கத்துவதையும் விட வேண்டும், அழுகைக்குப் பணிவதையும் விட வேண்டும். ஒன்றை மட்டும் விட்டால் போதாது. கத்துவதை நிறுத்திவிட்டு அழுகைக்குப் பணிந்துகொண்டிருந்தால், மென்மையான குரலில் தோற்பதுதான் மிஞ்சும்.

சொல் மட்டும் ஏன் போதாது?

"தொடாதேன்னு சொன்னேன்ல, புரியலையா?" என்று கேட்கிறோம். புரிந்திருக்கும். ஆனால் புரிந்துகொள்வதும் கையை நிறுத்துவதும் வேறுவேறு திறமைகள். ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா சிறு குழந்தைகளின் கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்து, சொல்லும்போது அமுக்கச் சொல்லியும் நிறுத்தச் சொல்லியும் சோதித்தார். அமுக்கத் தொடங்கிய மிகச் சிறு குழந்தைகளிடம் நிறுத்தச் சொன்னபோது கை நிற்கவில்லை; சில வேளை இன்னும் அழுத்தமாக அமுக்கியது. அந்த வயதில் பெரியவரின் சொல் செயலைத் தூண்டிவிடுகிறது. தொடங்கிவிட்ட செயலைப் பிடித்து நிறுத்த அதனால் முடிவதில்லை. நிறுத்தும் திறமை மூன்று, நான்கு வயதில்தான் மெல்ல மெல்லக் கூடிவருகிறது.

இதிலிருந்து இரண்டு வேலைகள் நமக்கு வருகின்றன. ஒன்று, சமையலறையிலிருந்து கூவக் கூடாது. பக்கத்தில் போக வேண்டும். சொல்லால் நிற்காத கையை நம் கைதான் நிறுத்த உதவ முடியும். இரண்டு, எதைச் செய்யக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், அந்தக் கை இப்போது என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். "போனைத் தொடாதே" என்பதைவிட "போனை என் கையில் கொடு" என்பது மூன்று வயதுக்கு எளிது. செய்வதற்கு ஒன்று இருக்கிறது அல்லவா?

சொல்லும் முறை

முதல் வேலை வாயைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிட வேண்டும்: இது உண்மையிலேயே கூடாததா என்று முடிவு செய்வது. குழந்தை அழுதால் மாறிவிடக்கூடிய முடிவு என்றால் மறுப்பே சொல்லாதீர்கள். கடைசிவரை நிற்க முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

பிறகு பக்கத்தில் போய், குழந்தையின் கண் மட்டத்துக்குக் குந்தி உட்காருங்கள். பெயர் சொல்லி அழையுங்கள், அல்லது தோளில் கை வையுங்கள். பார்வை உங்கள்மேல் திரும்பட்டும். வலுக்கட்டாயமாக முகத்தைத் திருப்ப வேண்டாம். ஒரு நொடி கவனம் கிடைத்தால் போதும்.

சொல்வது இரண்டு சிறு வாக்கியங்களுக்குள் அடங்கட்டும். ஒன்று முடிவு, இன்னொன்று காரணம் அல்லது அடுத்து செய்ய வேண்டியது. "சாப்பிடும்போது போன் இல்லை. என் கையில் கொடு." இவ்வளவுதான். கண் கெட்டுப்போகும், மூளை மழுங்கும், பக்கத்து வீட்டுப் பாப்பா எப்படிச் சாப்பிடுகிறாள் பார் என்றெல்லாம் நீட்டினால், முடிவு அந்தப் பேச்சுக்குள் தொலைந்துபோகும். காரணம் சொல்லலாம், ஒரு தடவை, ஒரு காரணம்.

கேள்வியாகக் கேட்காதீர்கள். "போனை வெச்சிடலாமா கண்ணா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று பதில் சொல்ல அதற்கு முழு உரிமை உண்டு. பதிலை ஏற்க நீங்கள் தயாராக இல்லாதபோது கேட்பதே தவறு. அதேபோல "நல்லா இரு", "ஒழுங்கா சாப்பிடு" என்பவையும் வேண்டாம். ஒழுங்கு என்றால் எது என்று அந்த வயதில் தெரியாது.

குரல் வழக்கமான பேச்சுக் குரலைவிடக் கொஞ்சம் தணிவாகவும் மெதுவாகவும் இருக்கட்டும். வாக்கியத்தின் முடிவு கீழே இறங்கி நிற்க வேண்டும், "வேண்டாம்மாஆ..." என்று இழுத்தால் அது கெஞ்சலாகக் கேட்கும். முகமும் சொல்லோடு ஒத்துப்போகட்டும். சிரித்துக்கொண்டே மறுத்தால் குழந்தை சிரிப்பைத்தான் நம்பும். கோப முகமும் தேவையில்லை; மழை பெய்கிறது, வெளியே போக முடியாது என்று சொல்லும்போது நம் முகம் எப்படி இருக்குமோ, அது போதும்.

சொன்ன பிறகு மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெற்றோர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் வலியுறுத்தும் சிறு இடைவெளி இது. சொல்லைக் கேட்டு, செய்துகொண்டிருப்பதை விட்டு, கையை நகர்த்தச் சிறு குழந்தைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. நாமோ இரண்டாவது நொடியிலேயே மறுபடி சொல்லிவிடுகிறோம். அந்த ஐந்து நொடியில் பேசாமல் இருப்பதுதான் முழு முறையிலும் கடினமான பகுதி.

கொடுத்துவிட்டால் "கொடுத்துட்டியே, சரி" என்று சாதாரணமாகச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டாவது தடவை சொல்லாதீர்கள். "நீ கொடுக்கக் கஷ்டமா இருக்கு, நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லி, பிடுங்காமல், நிதானமாக எடுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். முதல் தடவையே சொன்னது நடந்தது என்பது இங்கேதான் பதிகிறது.

ஒரு வீட்டில், ஓர் இரவு

மூன்று வயதுப் பெண் குழந்தை. இதுவரை தினமும் பாட்டு வீடியோ பார்த்தபடிதான் இட்லி இறங்கும். அம்மாவும் அப்பாவும் அதை நிறுத்த முடிவு செய்கிறார்கள். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்குத் திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஆனால் இவர்களுக்கு உடனடிக் காரணம் அதைவிட எளியது: திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

மாலையில், குழந்தை பசியோ தூக்கமோ இல்லாமல் விளையாடிக்கொண்டிருக்கும்போது, அம்மா ஒரு தடவை சொல்லிவைக்கிறாள்: "இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து சாப்பிடும்போது போன் இல்லை. சாப்பிட்டு முடிச்சதும் உனக்குக் கதை சொல்றேன்." குழந்தை தலையாட்டுகிறது. அந்தத் தலையாட்டலை நம்ப வேண்டாம், சொல்லியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இரவு தட்டு வந்ததும் வழக்கம்போலக் கேட்கிறது: "அம்மா, பாட்டு!" போன் ஏற்கெனவே படுக்கையறை அலமாரியின் மேலே போய்விட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள்: "சாப்பிடும்போது போன் இல்லை. சட்னி தொட்டுக்கிறியா, பொடி தொட்டுக்கிறியா?" போனில் தேர்வு கிடையாது, இட்லியில் உண்டு. இரண்டும் அவளுக்குச் சம்மதமானவை என்பதால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள்.

"பாட்டு வேணும்!" தட்டு தள்ளப்படுகிறது. அம்மா தட்டைப் பிடித்துக்கொள்கிறாள். "உனக்குப் பாட்டு பாக்கணும்போல இருக்கு. கோவமா வருது. போன் இல்லை." ஆசையும் கோபமும் உண்டு என்று ஒத்துக்கொண்டாள், முடிவை மாற்றவில்லை. குழந்தை தரையில் விழுந்து அழுகிறது.

அழுகையின் நடுவில்

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் உடைகின்றன. அதனால் இந்த அழுகையைப் பற்றித் தெரிந்துகொள்வது உதவும். மைக்கேல் பொடிகால், ரிச்சர்டு டேவிட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் ஐந்து வயதுவரையுள்ள முந்நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ஆவேச அழுகையைப் பெற்றோர் விவரிப்பின்படி ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். அவற்றில் முக்கால் பங்கு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டவை. கோபத்தின் வீச்சு, அதாவது உதைப்பதும் கிறீச்சிடுவதும், தொடக்கப் பகுதியில் உச்சத்துக்குப் போய்த் தணிகிறது. விசும்பலும் ஆறுதல் தேடி ஒட்டிக்கொள்வதும் கடைசிவரை நீடிக்கின்றன.

எனவே முதல் பகுதியில் பேசாதீர்கள். விளக்கம், சமாதானம், கேள்வி எல்லாமே அப்போது எரிச்சலைக் கூட்டும். எழுந்தும் போகாதீர்கள். கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, உங்கள் இட்லியைச் சாப்பிடுங்கள். தலை இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்க வந்தால் கையை இறுக்காமல் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். கிறீச்சிடல் அடங்கி விசும்பல் மிஞ்சும்போது கையை நீட்டுங்கள். பெரும்பாலும் மடியில் வந்து ஏறிக்கொள்ளும். அப்போது அணைத்துக்கொள்வது விட்டுக்கொடுப்பது ஆகாது. கிடைத்தது மடிதான், போன் அல்ல.

அன்று அந்தக் குழந்தை ஒன்றரை இட்லியோடு எழுந்துவிடுகிறது. சாப்பிடும் அளவு முதல் சில நாட்கள் குறையலாம். வழக்கமாக ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை அடுத்த வேளையில் ஈடுகட்டிக்கொள்ளும். "ஒரு வாய் வாங்கிக்கோ, போன் தரேன்" என்று பின்னாலேயே ஓடினால் அன்றைய அழுகை முழுவதும் வீணாகிவிடும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அழுகை முதல் நாளைவிடக் கூடுதலாக வரக்கூடும். எப்போதும் பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போனால் யாருமே அதையே இன்னும் வேகமாக முயன்று பார்ப்பார்கள். சுவிட்சைப் போட்டும் மின்விசிறி சுற்றாவிட்டால் நாமும் அதைப் பத்துத் தடவை தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? முறை தோற்றுவிட்டதென்று நினைத்துப் பலர் கைவிடுவது சரியாக இந்த நாளில்தான். அன்று கொடுத்தால் குழந்தைக்குக் கிடைக்கும் பாடம், மூன்று நாள் அழுத்தமாக அழ வேண்டும் என்பது. எப்போதாவது ஒருமுறை பலிக்கும் வழி, எப்போதும் பலிக்கும் வழியைவிட மறக்கக் கடினமானது.

மிரட்டல் எங்கே தவறுகிறது?

பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர், "உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்" என்ற நான்கும் நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. இவற்றில் எதுவும் நடக்காது. குழந்தை நம்பாத நாளில் நம் சொல்லின் மதிப்பு குறைகிறது. நம்பும் நாளில் வேறு சேதம்: காய்ச்சலோடு மருத்துவரிடம் தூக்கிப்போகும்போது வாசலிலேயே வீறிடுகிறது, கூட்டத்தில் தொலைந்தால் போலீஸ்காரரைப் பார்த்து ஒளிந்துகொள்கிறது. விட்டுவிட்டுப் போவேன் என்பதை நம்பும் குழந்தை கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே திரிகிறது.

நடக்கப்போவதைச் சொல்வது மிரட்டல் ஆகாது. "தட்டை இன்னொரு தடவை தள்ளினா, தட்டை எடுத்து வெச்சிடுவேன்" என்பது நடக்கும், உடனே நடக்கும், தட்டோடு தொடர்புள்ளது, கோபமில்லாமல் செய்யக்கூடியது. இந்த நான்கும் இல்லாத எதையும் வாயால் சொல்லாதிருப்பது நல்லது. "ஞாயித்துக்கிழமை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்பது மூன்று வயதுக்கு எங்கோ தொலைவில் இருக்கிறது. ஞாயிறு வரும்போது தட்டு எதற்காகத் தள்ளப்பட்டது என்பதே நினைவில் இருக்காது.

ஓர் இடத்தில் மட்டும் உரத்த குரலுக்கு நியாயம் உண்டு: தெருவில் வண்டி வரும்போது, சூடான எண்ணெய்க்குக் கை போகும்போது. அங்கே "நில்லு!" என்று கூவிக்கொண்டே ஓடிப் பிடிக்கத்தான் வேண்டும். தினமும் கத்தாத வீட்டில்தான் அந்தக் கூவலுக்குக் குழந்தை திடுக்கிட்டு நிற்கும்.

பாட்டியும் தாத்தாவும்

பாட்டிக்குப் பேத்தி அழுவது தாங்காது. "குழந்தையை இப்படியா அழவிடுவா? ஒரு பாட்டுதானே, போட்டா என்ன" என்று தன் போனை எடுத்து நீட்டிவிடுவார். குழந்தை முன்னால் அதை மறுத்துப் பேசினால் பிரச்சினை போனிலிருந்து மாமியார் மருமகள் பக்கம் போய்விடும். இதைக் குழந்தை தூங்கிய பிறகு, பாட்டியின் பிள்ளையே பேசுவது நல்லது: "அம்மா, ஒரு வாரம் பார்ப்போம். சாப்பிடும்போது மட்டும் உங்க போனையும் உள்ள வெச்சிடுங்க. அழுதா நீங்க தூக்கிக்கலாம், போன் மட்டும் வேண்டாம்." அழும்போது தூக்கும் உரிமை கிடைத்துவிட்டால் பாட்டிக்குப் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். கதை சொல்லும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டால் மீதியும் தீரலாம்.

பெரியவர்களின் போன்களும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அப்பா ஒரு கையால் மெசேஜ் பார்த்துக்கொண்டே சாப்பிடும் வீட்டில், அம்மாவின் குரல் எவ்வளவு நிதானமாக இருந்தாலும் பலன் குறைவு.

எப்படித் தெரியும், எங்கே நிற்கும்?

முறை பலிக்கிறது என்பதற்கு அழுகை அடியோடு நின்றுபோவது அடையாளம் அல்ல. அழுகையின் நீளம் குறையும். "போன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தானே பொடிக்கு மாறும். சில நாளில் பொம்மைக்குச் சோறூட்டும்போது "சாப்பிடும்போது போன் இல்லை" என்று அதே குரலில் சொல்வதும் காதில் விழலாம். நேர்மாறாக, இரண்டு மூன்று வாரம் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தும் எதுவும் குறையவில்லையென்றால், யாரோ எங்கோ கொடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு நேரத்தைப் பாருங்கள்: தூக்கம் தட்டிய குழந்தைக்கு இரவு எட்டரை மணிச் சாப்பாடு தாமதமாக இருக்கலாம். ஏழு மணிக்கு மாற்றினாலே பாதிச் சண்டை குறையக்கூடும்.

ஒன்றரை வயதுக் குழந்தையிடம் இந்த முறை பெரிதாகப் பலிக்காது. அங்கே பொருளை அப்புறப்படுத்துவதும் கவனத்தைத் திருப்புவதும்தான் வழி. எந்த வயதிலும், அழுகை வழக்கமாகவே இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, பேச்சு வயதுக்கேற்ப வராமல் இருந்தாலோ, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அவற்றைப் பிடிவாதம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது.

முடிவை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். பயணத்திலோ, உடம்புக்கு முடியாத நாளிலோ, பெரியவருக்கே சக்தி தீர்ந்துபோன மாலையிலோ போன் கொடுப்பது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் கொடுப்பதென்றால் குழந்தை முதல் தடவை கேட்டதுமே கொடுத்துவிடுங்கள். அழுகைக்கு முன்னால் கொடுத்தால் அது உங்கள் முடிவு. அழுகைக்குப் பின்னால் கொடுத்தால் அது குழந்தையின் வெற்றி. நாளைய சாப்பாடு அங்கிருந்துதான் தொடங்கும்.